கருத்துப் போன பித்தளை

என் அண்ணி அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம். அதில் எட்டு வருஷம் மற்றவர்கள் நடத்திய கண்காட்சிகளுக்கு நாற்காலி எண்ணியவர். ஒன்பதாவது வருஷம்தான் அவர் பொறுப்பில் ஒன்றைக் கொடுத்தார்கள். பூட்டுக் கண்காட்சி. அதுவும் அசல் பூட்டுகள் இல்லை, படங்கள். ஜெர்மன் பேசும் ஊர் ஒன்றில் பூட்டுகளுக்கென்றே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய் முப்பது பூட்டுகளையும், அவற்றின் கீழே இருக்கும் விளக்கச் சீட்டுகளையும் படமெடுத்து, சீட்டுகளைத் தமிழாக்கி, பெரிய பலகைகளாக அச்சிட்டு மாட்ட வேண்டும்.

படமெடுக்க அனுமதி தந்த அந்த ஊர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அச்சுக்குப் போகும் முன் முப்பது பலகைகளின் மாதிரியும் அவருக்கு வர வேண்டும். படமும் எழுத்தும் மூலத்தோடு சரிபார்க்கப்பட்டவை என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தும் வர வேண்டும். தவறு கண்டால் அச்சிட அனுமதி கிடையாது. அனுமதி இல்லையென்றால் கண்காட்சி இல்லை, அண்ணி மறுபடி நாற்காலி எண்ணப் போக வேண்டியதுதான். கடைசி நேரம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

மொழிபெயர்ப்பு என் வேலை. ஜெர்மனிலிருந்து தமிழுக்கு இருபது வருஷமாக மருந்துச் சீட்டு, இயந்திரக் கையேடு, நீதிமன்றத் தாள் என்று எதையெதையோ கொண்டுவந்திருக்கிறேன். வீட்டில் எனக்குத் 'திருத்தம்' என்று பெயர். வைத்தது அண்ணன். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட முதலில் பேனாவைத் தேடுவேன் என்பது அவன் குற்றச்சாட்டு. அது பொய், பேனா எப்போதும் கையில்தான் இருக்கும்.

இந்த வேலையில் எனக்கு ஒரு கட்டளை உண்டு, அதை எல்லோருக்கும் வாரம் இருமுறை சொல்வேன். சீட்டில் இல்லாத ஒரு வார்த்தை என் கையால் சேராது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் சதுர அடைப்புக்குள் போடுவேன், அது என்னுடையது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். சீட்டில் 'பீடர்மையர் காலம்' என்று மட்டும் இருந்தது. நம் ஆட்களுக்கு என்ன புரியும் என்று அண்ணி கேட்டதால் பக்கத்தில் [1815–1848] என்று அடைப்பில் சேர்த்தேன். அடைப்பில்லாமல் சேர்க்கச் சொன்னபோது மாட்டேன் என்றேன்.

"'சுமார் 1840'னு எதுக்கு இழுக்கற? 1840னே போட்டா என்ன குறைஞ்சு போச்சு?" என்றான் அண்ணன்.

"அண்ணிக்குச் சுமார் நாப்பது வயசுன்னு சொல்றதும் நாப்பது வயசுன்னு சொல்றதும் ஒண்ணா?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். சுமாரே இருக்கட்டும் என்றான் அண்ணன்.

ஆனால் அவன் ஓய்கிற ஆளில்லை. ஒரு சீட்டின் ஓரத்தில் 1911/46 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "பாரு, இது 1911ல செஞ்ச பூட்டு. நீ பதினேழாம் நூற்றாண்டுன்னு போட்டிருக்க. திருத்தத்துக்கே திருத்தம்!" என்று குதித்தான். அது இருப்பு எண், 1911ஆம் ஆண்டு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த நாற்பத்தாறாவது பொருள் என்று அர்த்தம், பூட்டு பிறந்த வருஷமில்லை என்று விளக்கினேன். 'ஈயம் பூசியது' என்று எழுதினால் போதாதா என்றான். ஈயம் வேறு, வெள்ளீயம் வேறு, சீட்டில் இருப்பது வெள்ளீயம் என்றேன். உன்னைக் கட்டிக்கொள்ளாமல் தப்பித்தவர்கள் பட்டியலை எங்கே வாங்கலாம் என்று கேட்டான்.

படமெடுக்கப் போனது அவர்கள் இருவரும்தான். அண்ணன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பான். பயணத்துக்காக அண்ணி புதுச் செருப்பு வாங்கியிருந்தார். பாதிக் கூடத்தைத் தாண்டுவதற்குள் செருப்பு கடித்து, கேமராவைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்தச் செய்தி எனக்கு அப்போதே தெரியும். சிரித்துவிட்டு மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

எனக்கு வந்தது ஒரே கோப்புறை, எடுத்த வரிசையில். ஒரு சீட்டு, அதற்குப் பின்னால் வரும் படம் அல்லது படங்கள் அந்தச் சீட்டுக்குரியவை. சீட்டுகளுக்கு ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டது அண்ணி. பதினாலாம் எண்ணுக்கு இரண்டு படங்கள் இருந்தன. முப்பதாம் எண்ணுக்குப் படமே இல்லை. கேட்டதற்கு, "கடைசியில விட்டுட்டேன் போல" என்று அண்ணன் தலையைச் சொறிந்தான். அவனைத் தெரிந்தவர்கள் இதற்கு மேல் கேட்க மாட்டார்கள். முப்பதாம் பலகையை எழுத்து மட்டுமாக வைத்துவிடலாம் என்று அண்ணி சமாதானமானார்.

இதெல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை காலை, முப்பது மாதிரித் தாள்களையும் அண்ணியின் அருங்காட்சியகக் கூடத்துச் சுவரில் ஒட்டினோம். திறப்பு நாளன்று பூட்டின் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் காட்ட அண்ணி ஒரு பூட்டு ரிப்பேர்க்காரரை ஏற்பாடு செய்திருந்தார். அவர் இடம் பார்க்க வந்தார். இடுப்பில் கருவிப் பை, காதில் பாட்டு. ஒவ்வொரு தாளாக ரசித்துக்கொண்டே போனவர் பத்தொன்பதில் நின்றார். காதிலிருந்து பாட்டைக் கழற்றினார்.

"மேடம், 'தொங்கு பூட்டு, கருத்துப் போன வார்ப்புப் பித்தளை, சுமார் 1840'னு போட்டிருக்கு."

"ஆமா" என்றேன், என் குழந்தையைப் பற்றி யாரோ பேசுகிற தோரணையில்.

"இது இரும்பு மேடம்."

"பித்தளை பழசானா கருக்கும்."

"கருக்கும். துருப்பிடிக்காது. இந்த மூலையைப் பாருங்க, செதில் செதிலா எந்திரிச்சிருக்கு. அதோட இது வார்த்ததே இல்ல, சுத்தியால அடிச்சது. அடி விழுந்த தடம் தெரியுது. எங்க கடைக்கு வந்து கேட்டாக்கூட, இதைப் பித்தளைன்னு சொன்னா சிரிப்பாங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். அப்போது நான் சொன்ன பதில் என் வாயிலிருந்து தானாக வந்தது. யோசித்திருந்தால் வந்திருக்காது.

"மூலத்துல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப அவங்க சீட்டே தப்பா?" என்றார் அண்ணி.

"இருக்கலாம். நான் போய்ப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கணினி அறைக்கு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ரிப்பேர்க்காரர், "அவ்வளவு பெரிய மியூசியத்துல பித்தளைக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியலையா?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்.

கோப்புறையைத் திறந்து பத்தொன்பதாம் சீட்டைப் பெரிதாக்கினேன். பித்தளை, வார்ப்பு, சுமார் 1840. தெளிவாக இருந்தது. அதற்கடுத்த படம் இரும்பு, அதுவும் தெளிவாக இருந்தது. சீட்டும் சரி, படமும் சரி, இரண்டும் சேர்ந்துதான் சரியில்லை. அப்போதுதான் படங்களை எடுத்த நேரத்தைப் பார்க்கத் தோன்றியது. கேமரா ஒவ்வொரு படத்தோடும் மணி, நிமிடம், நொடி எல்லாம் பதிந்து வைத்திருக்கும்.

முதல் பதினாலு எண்களில், சீட்டு எடுத்துப் பத்துப் பன்னிரண்டு நொடிகளில் பூட்டு. பிறகு அடுத்த பூட்டுக்கு நடக்க ஒரு நிமிட இடைவெளி. அப்புறம் மறுபடி சீட்டு, பூட்டு. பதினாலுக்குப் பிறகு பத்து நிமிடம் எதுவுமே இல்லை. செருப்பு கடித்த நேரம் அது. அதற்குப் பின் வரிசை தலைகீழ். முதலில் பூட்டு, எட்டு நொடியில் சீட்டு, பிறகு ஒரு நிமிட நடை. பூட்டு, சீட்டு, நடை.

பதினாலாம் எண்ணின் 'இரண்டாவது படம்' உண்மையில் பதினைந்தாவது பூட்டு. பதினைந்தாம் சீட்டில் பதினாறாம் பூட்டு குடியேறியிருந்தது. இப்படியே ஆளுக்கு ஒரு வீடு தள்ளிப் போய், கடைசியில் முப்பதாம் சீட்டுக்கு வீடே இல்லாமல் போயிருந்தது. பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை எல்லாம் பித்தளை, இருபதிலிருந்து எல்லாம் இரும்பு. பித்தளைச் சீட்டில் வேறொரு பித்தளை, இரும்புச் சீட்டில் வேறொரு இரும்பு என்று உட்கார்ந்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நூற்றாண்டுகள் மட்டும் அமைதியாக இடம் மாறிக் கிடந்தன. பித்தளை முடிந்து இரும்பு தொடங்கும் பத்தொன்பதில்தான் குட்டு வெளியே தெரிய முடியும்.

அண்ணனைப் போனில் பிடித்தேன். என் குரலில் சந்தோஷம் இருந்ததை மறைக்கவில்லை.

"நீ பூட்டை எடுத்துட்டு சீட்டை எடுத்தியா, சீட்டை எடுத்துட்டுப் பூட்டை எடுத்தியா?"

"இதென்ன கேள்வி? ஆளை எடுத்துட்டுத்தான் பேர் எழுதின சீட்டை எடுக்கணும். ஸ்டூடியோவுல பதினெட்டு வருஷமா அப்படித்தான்."

"அண்ணி சீட்டை முதல்ல எடுத்திருக்காங்க."

"அவ பேரைக் கேட்டுட்டுத்தான் ஆளையே பாப்பா. நான் பொண்ணு பாக்கப் போனப்பக்கூட... சரி விடு. இப்ப என்ன ஆச்சு?"

சொன்னேன். கடையைப் பூட்டிவிட்டு அரை மணியில் வந்து சேர்ந்தான். வந்ததும் அண்ணி எதிரில் நின்று, "முழுக்க என் தப்பு" என்றான். ஒரு வார்த்தை வாதாடவில்லை. அண்ணி, "நாமதான் ரெண்டு பேரும் எப்படி எடுக்கறதுன்னு பேசிக்கவே இல்லையே, என் தப்பும்தான்" என்றார். நான் இருவருக்கும் நடுவில், தப்பே செய்யாத மூன்றாவது ஆளாகக் கைகட்டி நின்றேன். அந்தச் சில நிமிடங்கள், சொல்லவே கூசுகிறது, எனக்கு நன்றாகத்தான் இருந்தன.

மணி ஒன்றேகால். கணினியில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொரு இடம் பின்னுக்குத் தள்ளினோம். பதினாலின் உபரிப் படம் பதினைந்துக்குப் போனது, பதினைந்தின் படம் பதினாறுக்கு. அண்ணன் நகர்த்தினான், நான் எண் சொன்னேன். பத்தொன்பதுக்கு அதன் சொந்தப் பூட்டு வந்து உட்கார்ந்தது. தங்கம் மாதிரி பளபளவென்று மின்னுகிற பித்தளை. அதன் கீழே என் எழுத்தில், 'கருத்துப் போன வார்ப்புப் பித்தளை'.

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தான். "இதுவா கருத்துப் போச்சு? இதுல முகம் பாத்துத் தலை சீவலாம்."

"அதான் நான் அவங்களுக்கு எழுதிட்டேன்" என்றார் அண்ணி. "இவர் வர்ற வரைக்கும் இருந்த அரை மணியில இந்தப் படத்தைப் பாத்துட்டேன், மூலத்துலயே அப்படி இருக்குன்னு நீ சொன்னதால உடனே மெயில் போட்டேன். இருப்பு எண்ணைக் குறிப்பிட்டு, உங்க சீட்டுல 'கருத்துப் போன'ன்னு தப்பா இருக்கு, தயவுசெஞ்சு பாருங்கன்னு மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். நம்ம எவ்வளவு கவனமா பாக்கறோம்னு அவருக்கும் தெரியட்டும்."

சீட்டில் அந்த வார்த்தை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டு வாரம் முன்பு, பத்தொன்பதுக்கு வந்தபோது, பித்தளை என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கறுப்பான பூட்டைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பேனா நின்றது. படிக்கிறவர்கள் குழம்புவார்களே என்று நினைத்து, என் அறிவைக் கொஞ்சம் உபயோகித்து, இரண்டு வார்த்தை சேர்த்தேன். அடைப்பு போடவில்லை. அடைப்பு போட்டால் அண்ணி ஏன் என்று கேட்பார், எனக்குச் சந்தேகம் வந்தது தெரிந்துவிடும். சந்தேகம் வருவது எனக்குப் பழக்கமில்லை.

வெளியே சொல்லாமல் அந்த இரண்டு வார்த்தைகளை அழித்துவிட முடியும். அங்கே ஜெர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அந்த ஊர்ப் பொறுப்பாளர் தன் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இல்லாத வார்த்தையைக் குறை சொன்ன அண்ணியைப் பற்றி என்ன நினைப்பார்? அனுமதியே போனால்?

"அண்ணி, அது அவங்க சீட்டுல இல்ல" என்றேன்.

"எது?"

"'கருத்துப் போன'. நான்தான் சேத்தேன். படத்தோட ஒத்துப் போகட்டும்னு. காலைல கேட்டப்ப மூலத்துல இருக்குன்னு சொன்னது பொய்."

அண்ணன் சுட்டியிலிருந்து கையை எடுத்தான். வழக்கமாக இந்த மாதிரி நேரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவன், தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "ரெண்டு வாரம் முன்னாடி, 'அண்ணி, இந்தப் படம் பொருந்தலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கும். இவர் தப்பும் என் தப்பும் வெளிய வரதுக்கு இருந்த ஒரே ஓட்டை அது. அதை நீ பூசி மெழுகிட்ட."

"ஆமா."

"இப்ப நான் அந்த மனுஷன்கிட்ட அவரு எழுதாததைத் தப்புன்னு சொல்லியிருக்கேன்."

"ஆமா."

"அப்ப நீயே எழுது. அவங்க மொழியிலயே எழுது."

எழுதினேன். நாலே வாக்கியம். வார்த்தை உங்களுடையது இல்லை, என்னுடையது. படத்துக்கும் சீட்டுக்கும் முரண் கண்டபோது கேட்காமல் முரணை மறைத்தேன். எங்கள் கண்காட்சிப் பொறுப்பாளர் என் பேச்சை நம்பித்தான் உங்களுக்கு எழுதினார். மன்னிக்கவும். மற்றவர்களின் வாக்கியங்களை இருபது வருஷமாக மணிக்கு ஐந்நூறு வார்த்தை வேகத்தில் மாற்றிய எனக்கு, சொந்தமான இந்த நாலு வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. வெட்கமாக இருந்தது. அனுப்பிய பிறகும் குறையவில்லை.

இரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. உரக்க மொழிபெயர்க்கச் சொன்னார் அண்ணி. "'முதல் கடிதம் கண்டதும் கையுறை மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பேழையைத் திறக்கக் கிளம்பினேன். பாதி வழியில் இரண்டாவது கடிதம் வந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்தேன். பூட்டு நன்றாக மின்னுகிறது. மாதிரிகளை ஐந்து மணிக்குள் எதிர்பார்க்கிறேன். ஒவ்வொன்றையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'"

"கடைசி வரி நிஜமாவே இருக்கா?" என்றான் அண்ணன். திரையைக் காட்டினேன். அவனுக்கு ஒரு எழுத்தும் புரியாது, ஆனாலும் கடைசி வரியை விரலால் தொட்டு, நீளத்தை அளந்து பார்த்துவிட்டு, "இருக்கு, இருக்கு" என்றான்.

திருத்திய மாதிரிகளைப் புதிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். நான் சீட்டின் மூலத்தைப் பார்த்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அண்ணன் படத்தை எடுத்த நேரத்தையும் பூட்டையும் சரிபார்க்க வேண்டும். அண்ணி தாளில் இருக்கும் எழுத்தை விரல் வைத்துத் தொடர வேண்டும். ரிப்பேர்க்காரர் போகாமல் இருந்தார், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். இரும்பா, பித்தளையா என்பதை அவரிடம் ஒப்படைத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. பதினாறாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி. சுமார் 1780. 1850க்குப் பின். பீடர்மையர் காலம், சதுர அடைப்பு, சதுர அடைப்பு முடிந்தது. நாலு மணிக்குப் பதினெட்டு முடிந்தது.

"பத்தொன்பது" என்றார் அண்ணி.

"தொங்கு பூட்டு" என்றேன். "பித்தளை, வார்ப்பு. சுமார் 1840."

அண்ணியின் விரல் தாளில் அங்கேயே நின்றது. அண்ணனும் நேரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?" என்றார் அண்ணி.

"அவ்வளவுதான் அண்ணி. வேற எதுவும் அதுல எழுதல."

"சரி" என்று சொல்லி, மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்துக்கு நேராகப் பேனாவை என்னிடம் நீட்டினார். "இன்னும் பதினொண்ணு இருக்கு. முடிச்சுட்டுப் போடு."